ஃபைல் வந்ததா, முழுசாக வந்ததா?

மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியும் தி.நகரின் உட்தெருக்களிலும் இயங்கும் ஆடிட்டர் ஆபீஸ்கள் பலவற்றில் நாளின் முதல் வேலை ஒன்றுதான்: ஒவ்வொரு கிளையன்ட்டின் வங்கித் தளத்திலும் நுழைந்து, நேற்றைய ஸ்டேட்மென்ட்டை இறக்கி, அதை டாலியில் இருக்கும் வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு, பி.ஆர்.எஸ். எடுப்பது. இறக்குவது வரை மனிதர் செய்தால் போதும், மீதியை கம்ப்யூட்டரே செய்யட்டும் என்று ஒரு ஃபோல்டரைக் கண்காணிக்கும் நிரலை வைக்கிறார்கள். புதிய ஃபைல் விழுந்தவுடன் ஒப்பீட்டு அறிக்கை தானாகத் தயாராகிவிட வேண்டும். யோசனை நல்லதுதான். ஆனால் எதைக் கண்டு அறிக்கையைத் தொடங்குவது என்பதில் பெரும்பாலான அமைப்புகள் தவறிவிடுகின்றன. ஃபைலின் வருகையை வைத்துத் தொடங்கக் கூடாது. அதற்குள் இருக்கும் இருப்புத் தொகை நேற்றைய கணக்கோடு சேர்ந்த பிறகே தொடங்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

லினக்ஸில் இந்தக் கண்காணிப்பைச் செய்வது கெர்னலுக்குள்ளேயே இருக்கும் inotify. 2005-இல் வந்த 2.6.13 பதிப்பிலிருந்து அது உண்டு. ஒரு ஃபைல் உருவானதும் IN_CREATE என்று சொல்லும். எழுதி முடித்து மூடியதும் IN_CLOSE_WRITE என்று சொல்லும். இந்த இரண்டுக்கும் நடுவே சில நொடிகள் ஓடியிருக்கலாம், முதல் அறிவிப்பின்போது ஃபைல் காலியாகவே இருக்கலாம். குரோம் உலாவி இறக்கும்போது முதலில் .crdownload என்ற முடிவோடு ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி, முடிந்ததும் உண்மையான பெயருக்கு மாற்றுகிறது. எழுதி மூடிய அறிவிப்பு பழைய பெயரில் வரும். நமக்கு வேண்டிய பெயர் IN_MOVED_TO என்ற இன்னொரு அறிவிப்பில்தான் வரும். ஆகவே இரண்டையும் கேட்க வேண்டும்:

```
inotifywait -m -e close_write -e moved_to \
  --format '%w%f' /srv/bank/in |
while read -r f; do
  case "$f" in
    *.csv) ./check_balance "$f" && ./brs_report "$f" ;;
  esac
done
```

இதில் உயிரான இடம் && என்ற குறி. check_balance சரி என்று சொன்னால் மட்டுமே அறிக்கை ஓடும். விண்டோஸில் இது இன்னும் அவசியம், ஏனென்றால் அங்கே FileSystemWatcher-க்கு ‘எழுதி முடிந்தது’ என்ற அறிவிப்பே கிடையாது. ‘மாறியது’ என்று ஒரே ஃபைலுக்குப் பலமுறை சொல்லும்.

அந்தச் சோதனை என்ன செய்கிறது என்று ஓர் உதாரணத்தில் பார்ப்போம். உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக்கடையின் நடப்புக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். ஸ்டேட்மென்ட்டின் தலைப்பில் ஓப்பனிங் பேலன்ஸ் 4,18,250 ரூபாய், குளோசிங் பேலன்ஸ் 4,12,091 ரூபாய் என்று இருக்கிறது. உள்ளே நான்கே வரிகள்: யு.பி.ஐ. வசூல் 1,36,400 வரவு. காஞ்சிபுரம் நெசவாளருக்கு நெஃப்ட்டில் 90,000 பற்று. ஒரு காசோலை 52,500 பற்று. வங்கிக் கட்டணம் 50 ரூபாயும் அதன் ஜி.எஸ்.டி. 9 ரூபாயும் சேர்ந்து 59 பற்று. கூட்டிக் கழித்தால் 4,12,091 சரியாக வருகிறது. இணைப்பு நடுவில் அறுந்து கடைசி வரி மட்டும் விட்டுப்போனால் கணக்கு 4,12,150-இல் நிற்கும், தலைப்போடு 59 ரூபாய் உதைக்கும், அறிக்கை ஓடாது. இன்னொரு சோதனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: இன்றைய ஓப்பனிங், கடைசியாக ஏற்றுக்கொண்ட ஃபைலின் குளோசிங்கோடு பைசா சுத்தமாகப் பொருந்த வேண்டும். ஒரு நாள் ஃபைல் வராமல் போனாலும், பழைய ஃபைலே பெயரில் (1) சேர்ந்து இரண்டாம் முறை இறங்கினாலும், இந்த ஒரு கழித்தலில் அநேகமாக அகப்பட்டுவிடும். வரவும் பற்றும் சமமாகி இருப்பு மாறாத நாளில் மட்டும் இரட்டை ஃபைல் தப்பிவிடும். அதற்காக ஃபைலின் SHA-256 மதிப்பைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு எதற்கு, ஃபைல் வந்தபின் அரை நிமிடம் பொறுத்துத் தொடங்கினால் போதாதா என்று கேட்கலாம். பொறுப்பதால் தாமதமாக எழுதப்படும் ஃபைல் காப்பாற்றப்படும். அறுந்துபோன ஃபைலோ எத்தனை நிமிடம் காத்தாலும் வளரப்போவதில்லை. அப்படியானால் தினமும் காலை எட்டு மணிக்கு ஓட்டிவிடலாமே என்பது அடுத்த கேள்வி. ஃபைல் எட்டேகாலுக்கு இறங்கும் நாளில் அந்த அறிக்கை நேற்றைய ஃபைலை வைத்தே தயாராகும். பார்க்க ஒழுங்காகவும் இருக்கும் என்பதுதான் ஆபத்து. நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதலும், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் 14 முதலும் நாள் முழுவதும், விடுமுறையிலும் இயங்குகின்றன. ஞாயிற்றுக்கிழமைக்கும் கணக்கு உண்டு என்றான பிறகு, ‘வேலை நாளில் இத்தனை மணி’ என்று கட்டிய கடிகாரம் திங்கட்கிழமைகளில் இடறும். இருந்தாலும் கடிகாரத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. வராத ஃபைலைப் பற்றி ஃபோல்டர் கண்காணிப்பு வாயே திறக்காது. பத்து மணிக்குள் எந்த வங்கியின் ஃபைல் ஏற்கப்படவில்லை என்று சொல்ல ஒரு நேரச் சோதனை தனியாக வேண்டும்.

இருப்புச் சோதனைக்கும் எல்லை உண்டு. சில வங்கிகளின் CSV-யில் தலைப்பு இருப்பு இருக்காது, ஒவ்வொரு வரியிலும் ஓடும் இருப்பு மட்டும் இருக்கும். அப்படிப்பட்ட ஃபைல் சரியாக ஒரு வரி முடிவில் அறுந்தால் இருக்கிற வரிகள் எல்லாம் தமக்குள் பொருந்தும், குறை மறுநாள் ஓப்பனிங்கில்தான் தெரியும். பெரிய கணக்குகளுக்கு வங்கியிடம் MT940 வடிவில் கேட்டு வாங்குவது இதனால்தான் நல்லது. அதில் :60F: என்ற வரி ஆரம்ப இருப்பையும் :62F: என்ற வரி இறுதி இருப்பையும் சொல்லும். இன்னொரு குறை எக்செலில் இருக்கிறது. யு.பி.ஐ. பரிவர்த்தனையின் 12 இலக்க எண் 512345678901 என்று இருக்கும் CSV-யை ஊழியர் எக்செலில் திறந்து, பார்த்துவிட்டு, சேமித்தால் அது 5.12346E+11 ஆகிவிடும். தொகைகள் பிசகாது, இருப்பு சேரும், ஆனால் பொருத்திப் பார்க்க வேண்டிய எண்ணின் பின்பாதி போய்விட்டது. எண் பத்தியில் E+ தென்பட்டால் ஃபைலைத் திருப்பி அனுப்ப வேண்டும், மறுபடி வங்கியிலிருந்தே இறக்க வேண்டும்.

கண்காணிக்கும் நிரல் எந்தக் கம்ப்யூட்டரில் ஓடுகிறது என்பதும் முக்கியம். அடையாறு கிளையிலிருந்து பொதுச் சர்வரின் ஃபோல்டருக்கு ஃபைல் போடுகிறார்கள், கண்காணிப்போ மயிலாப்பூரில் அதே ஃபோல்டரை நெட்வொர்க் வழியாக இணைத்துள்ள ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஓடுகிறது என்றால், inotify அந்த ஃபைலைக் காணவே காணாது. வேறொரு கம்ப்யூட்டர் செய்த மாற்றம் இந்தக் கெர்னல் வழியாகப் போவதில்லை. நிரல் சர்வரிலேயே ஓட வேண்டும். கரண்ட் போய் சர்வர் மீண்டும் எழுந்தால், இடைப்பட்ட நேரத்தில் விழுந்த ஃபைல்களுக்கும் அறிவிப்பு கிடையாது. ஆகவே தொடங்கியவுடன் ஃபோல்டரை ஒருமுறை முழுதாகத் துழாவ வேண்டும்.

எல்லாம் தானாக நடந்தால் கணக்கைப் பார்க்கும் கண் மழுங்கிவிடும் என்று மூத்த கணக்காளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் சேராத ஃபைலை நிரல் தானே சரிசெய்ய முயலக் கூடாது என்கிறேன். அதைத் தனி ஃபோல்டருக்கு நகர்த்தி, எத்தனை ரூபாய் உதைக்கிறது என்ற ஒரு வரியோடு பொறுப்பானவருக்கு அனுப்ப வேண்டும். உங்கள் ஆபீஸில் இப்படி ஓர் அமைப்பு ஏற்கெனவே ஓடுகிறது என்றால், நாளைக் காலை ஒரு ஸ்டேட்மென்ட்டின் கடைசி வரியை வேண்டுமென்றே வெட்டிவிட்டு அந்த ஃபோல்டரில் போட்டுப் பாருங்கள். அறிக்கை வந்துவிட்டால், அதை நம்பி யாருக்கும் செக் எழுத வேண்டாம்.