கனடா: ஊர் என்னும் சொல் நாட்டின் பெயரான வரலாறு

நாட்டுப்பெயர்கள் குடி, திசை, நிலவியல்பு, ஆள்வோர் பட்டம் ஆகியவற்றால் அமைவதுண்டு. கனடாவின் பெயரோ ‘ஊர்’ என்னும் பொதுச்சொல்லிலிருந்து பிறந்தது. 1535இல் பூர்வகுடி இளைஞர் இருவர், இன்றைய கியூபெக் நகரப் பகுதியிலிருந்த ஸ்டடகோனாவைக் குறிக்க ‘கனட்டா’ என்றனர். பிரெஞ்சுக் கடலோடி ழாக் கார்த்தியே அச்சொல்லைச் சுற்றியுள்ள பகுதிக்கே பெயராக வழங்கினார்.

‘இங்கு ஒன்றுமில்லை’ எனப் பொருள்படும் ஸ்பானியத் தொடரே இதன் மூலம் என்பாரும் உளர். ஆயினும், கார்த்தியேயின் பயணக் குறிப்போடு இணைந்த சொற்பட்டியல் இச்சொல்லுக்கு ஊர் என்றே பொருள் தருகிறது. உறவுமொழியான மோகாக்கிலும் ஒத்த சொல் அப்பொருளிலேயே வழங்குகிறது.

1603இல் சாம்பிளேன் வந்தபோது ஸ்டடகோனாவும், மொன்றியால் தீவிலிருந்த ஒஷலகாவும் மறைந்திருந்தன. பேசிய மக்கள் அங்கில்லை. அவர்தம் சொல் எஞ்சி, 1867இல் கூட்டாட்சியின் பெயராயிற்று.