செப்டம்பர் 1-க்குள் தெரிந்தாக வேண்டியவை

கிணற்றடிக்குப் போகாமலே செல்போனில் இருந்து பம்ப் மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் உதவும் கருவி இன்று தமிழ்நாட்டு விவசாயிகளுக்குப் புதிதல்ல. ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் மாட்டிய ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் ஒரு சிம் கார்டு. மூன்று ஃபேஸில் ஒன்று போனாலும், போர்வெல்லில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெறுமனே சுற்றினாலும், அதுவே மோட்டாரை நிறுத்திவிட்டுப் போனுக்குத் தகவல் சொல்லும். இப்படியொரு கருவியைப் புதிதாகச் செய்ய ஜூன் மாதத்தில் தொடங்கும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். இதற்குக் கிராக்கி கோடையில்தான். பிப்ரவரி முடிவதற்குள் கடைகளில் இருக்க வேண்டும். தவறினால் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘ஸ்பிரிண்ட்’ முறையில் வேலை செய்து பழகியவர்கள். இரண்டு வாரத்துக்கு இவ்வளவு வேலை என்று எடுத்துக்கொள்வார்கள். முடித்ததை இயக்கிக் காட்டுவார்கள். பார்த்தவர்கள் சொல்வதைக் கேட்டு அடுத்த இரண்டு வாரத்தை முடிவு செய்வார்கள். 2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி அறிவித்த ‘அஜைல்’ கொள்கையின் சாரம், மாற்றத்துக்கு எப்போதும் இடம் வைப்பது. மென்பொருளில் அது சரி. நேற்று எழுதியதை இன்று அழித்து எழுதினால் ஒரு நாள் உழைப்புதான் போகும்.

மின்னணு போர்டும் பிளாஸ்டிக் பெட்டியும் அப்படியல்ல. பெட்டி வார்க்கும் எஃகு மோல்டுக்கு ஆர்டர் கொடுத்தால் முதல் மாதிரி வர ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். போர்டில் ஒரு கோட்டை மாற்றி வரைந்து, அடித்து, பாகங்களைப் பொருத்தி வாங்க மூன்று வாரம். சிம் இயங்கும் மோடம், மைக்ரோகன்ட்ரோலர் சிப் போன்றவற்றை மொத்தமாக வாங்க மூன்று, நான்கு மாதம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். இந்த வேலைகளை இரண்டு வாரத் துண்டுகளாக வெட்டுவதில் அர்த்தமில்லை. அவை தேதியைக் கேட்கின்றன.

எனவே இரண்டையும் சேர்த்து நடத்துகிறார்கள். வன்பொருளுக்கு அசையாத சில தேதிகள், அவற்றுக்கு இடையில் மென்பொருளுக்கு ஸ்பிரிண்ட்கள். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு வாசல் வைத்து, தேறினால்தான் அடுத்த கட்டம் என்ற ‘ஸ்டேஜ்-கேட்’ முறைக்குப் பெயர் கொடுத்த கனடாப் பேராசிரியர் ராபர்ட் கூப்பரே பின்னாளில் அதற்குள் அஜைலைக் கலப்பது பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் இரண்டு அட்டவணைகளை ஒரே சுவரில் ஒட்டிவிட்டால் கலப்பு ஆகிவிடாது. அவை எங்கே, எதற்காகச் சந்திக்கின்றன என்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது.

நம் நிறுவனத்தின் நாள்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணிப் பார்ப்போம். பிப்ரவரி இறுதியில் கடை. அதற்கு ஜனவரியில் உற்பத்தி. டிசம்பர் நடுவில், உண்மையான உற்பத்தி வரிசையிலேயே நூறு பெட்டி செய்து பார்க்கும் ஒத்திகை. நவம்பரில் முழு வடிவப் பெட்டிகளைத் தோட்டங்களில் மாட்டிப் பார்ப்பது, வயர்லெஸ் கருவிக்கு வேண்டிய சோதனைகளுக்கும் அனுமதிக்கும் அனுப்புவது. அதற்கு அக்டோபர் இறுதிக்குள் மோல்டிலிருந்து முதல் பெட்டிகள் வந்திருக்க வேண்டும். அப்படியானால் மோல்டு ஆர்டரும் சிப் ஆர்டரும் செப்டம்பர் 1-ஆம் தேதி வாக்கில் போயாக வேண்டும். இத்தனை தேதிகளில் மிகக் கனமானது அந்த ஒன்றுதான். அன்றைக்குப் பிறகு பெட்டியின் அளவையோ, சிப்பின் நினைவகத்தையோ, மின்சாரம் கொடுக்கும் பகுதியையோ மாற்ற நினைத்தால் கோடை கைநழுவும்.

ஜூன் தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை ஆறு ஸ்பிரிண்ட்கள் கிடைக்கின்றன. இந்த ஆறில் எந்த வேலையை முதலில் எடுப்பது? வழக்கமான அஜைல் பாடம், பயன்படுத்துகிறவருக்கு எது அதிகம் உதவுமோ அதை முதலில் எடு என்கிறது. இங்கே அந்தப் பாடத்தை ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. செப்டம்பர் 1 வரை முதலில் வர வேண்டியவை, போர்டு தவறு என்று காட்டக்கூடிய வேலைகள். செல்போன் செயலியில் தமிழ் எழுத்து அழகாகத் தெரிவதை ஜனவரியில் செய்யலாம், மார்ச்சிலும் செய்யலாம். பெட்டிக்குள் இருக்கும் சிப்பில் இடம் போதுமா என்பது மார்ச்சில் தெரிந்து பயனில்லை.

நினைவகக் கணக்கையே பாருங்கள். 1 எம்.பி. நினைவகம் உள்ள சிப்பை வன்பொருள் பிரிவு தேர்ந்தெடுத்திருக்கிறது. மென்பொருள் 480 கே.பி. வரை வளரும் என்று மதிப்பீடு. பாதிகூட நிரம்பவில்லை, தாராளம் என்றே தோன்றும். விற்ற பெட்டியின் மென்பொருளை சிம் வழியாகவே புதுப்பிக்கும் வசதி வேண்டும் என்பது பட்டியலின் அடியில், ‘பிறகு’ என்ற தலைப்பில் கிடக்கிறது. இரண்டாவது ஸ்பிரிண்ட் முடிவில் இப்படியொரு பேச்சு நடக்கும்.

“சார், அப்டேட் வசதியைப் பொருள் வெளியே போனப்புறம் பார்த்துக்கலாம்னு வச்சிருக்கோம்.”

“சிப்புக்கு ஆர்டர் போட்டப்புறம் ‘பிறகு’ன்னு ஒண்ணு கிடையாதுப்பா. இப்பவே ஒரு தடவை செஞ்சு பாரு.”

செய்து பார்த்தால்தான் கணக்கு புரியும். புதுப்பிக்கும்போது பாதியில் கரண்ட் போனால் பெட்டி செத்துவிடக் கூடாது. அதற்குப் பழைய மென்பொருள் அப்படியே இருக்க, புதியது இன்னோர் இடத்தில் இறங்க வேண்டும். அது சரியாக ஓடுகிறது என்று உறுதியான பிறகே மாற வேண்டும். ஆக 480 கே.பி. இரண்டு முறை, 960. எதைத் துவக்குவது என்று முடிவெடுக்கும் சிறு நிரலுக்கு 32. அமைப்புகளுக்கும் பதிவுகளுக்கும் 64. மொத்தம் 1,056 கே.பி.; சிப்பில் இருப்பதோ 1,024. பற்றவில்லை. ஜூலையில் இது தெரிந்தால், அதே குடும்பத்தில் 2 எம்.பி. சிப்பை எடுத்துக்கொள்ளலாம், அதே கால் அமைப்பில் கிடைத்தால் போர்டையே மாற்ற வேண்டாம். ஜனவரியில் தெரிந்தால், ஆயிரக்கணக்கான பெட்டிகள் திருத்தவே முடியாத மென்பொருளோடு தோட்டங்களுக்குப் போகும்.

இன்னொன்று இதைவிடச் சூட்சுமமானது. முதல் மூன்று ஸ்பிரிண்ட்களின் போது நிறுவனத்தின் சொந்த போர்டு கையில் இருக்காது. கடையில் கிடைக்கும் பயிற்சி போர்டு, ஒரு மோடம், ஒரு கான்டாக்டர், மோட்டாருக்குப் பதில் மூன்று பல்பு ஆகியவற்றைப் பலகையில் அறைந்து வேலை நடக்கும். ஜூலை நடுவில் சொந்த போர்டு இருபது வருகிறது. மேஜை மேல் எல்லாம் சரியாக ஓடும். தோட்டத்தில் மாட்டினால் அவ்வப்போது தானே அணைந்து மறுபடி துவங்கும். காரணம் மென்பொருளில் இல்லை. சிக்னல் மோசமான இடத்தில் மோடம் தன் ஒலிபரப்புச் சக்தியைக் கூட்டுகிறது. 4ஜி கிடைக்காமல் 2ஜிக்கு இறங்கும்போது, கண்ணிமைக்கும் நேரத் துடிப்புகளாக 2 ஆம்பியர் வரை இழுக்கும். மின்சாரம் கொடுக்கும் பகுதி அதைத் தாங்கவில்லை என்றால் வோல்டேஜ் சரிந்து மோடம் விழுந்து எழும். ஊருக்குள் டவருக்குப் பக்கத்தில் உள்ள அலுவலகத்தில் இது ஒருநாளும் தெரியாது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு மறுதுவக்கத்தின் போதும் அதற்கான காரணத்தையும் கடைசியாக இருந்த சிக்னல் அளவையும் பதிவு செய்ய வேண்டும். மறுதுவக்கங்கள் சிக்னல் குறைந்த நேரத்தில் குவிந்தால் சந்தேகம் மின்சாரப் பகுதி மேல்தான். ஆகவே அந்தப் பதிவு எழுதும் வேலை நான்காவது ஸ்பிரிண்டின் முதல் நாளே முடிந்திருக்க வேண்டும். போர்டைத் திருத்தி வாங்க மூன்று வாரம் வேண்டும் என்பதால், குறையைக் கண்டுபிடிக்க உண்மையான கெடு ஆகஸ்ட் முதல் வாரம்தான்.

இந்தக் கலப்பு முறை பெயரளவில் மட்டும் நடக்கிறதா என்று அறிய நான் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்ப்பேன். ‘முடிந்தது’ என்று குறித்த வேலைகளில் எத்தனை பயிற்சி போர்டில் மட்டும் ஓடுகின்றன, எத்தனை சொந்த போர்டில் ஓடுகின்றன? சொந்த போர்டு வந்த பிறகும் முதல் எண்ணிக்கை ஸ்பிரிண்டுக்கு ஸ்பிரிண்ட் ஏறினால், அட்டவணையில் தெரியும் முன்னேற்றம் பொய். அதே மாதிரி செப்டம்பர் 1 கூட்டத்தில் “90 சதவீதம் முடிந்தது” என்ற பேச்சுக்கு இடமே கொடுக்கக் கூடாது. அன்றைக்குக் கேட்க வேண்டியது சான்று. பாதியில் கரண்டைப் பிடுங்கிப் புதுப்பித்துக் காட்டு. சிக்னல் இல்லாத தோட்டத்தில் ஒரு வாரம் ஓடிய பதிவைக் காட்டு. சின்ன மோட்டாரிலும் பெரிய மோட்டாரிலும் தண்ணீர் இல்லாததை இந்த சென்சார் பிரித்தறிவதைக் காட்டு.

ஆர்டர் போன பிறகு ஸ்பிரிண்ட்களின் குணம் மாறுகிறது. இப்போது விவசாயிக்குத் தேவையானவை முன்னால் வரலாம். இருந்தாலும் டிசம்பர் ஒத்திகைக்குள் இரண்டு மென்பொருள் தயாராக வேண்டும். ஒன்று, பெட்டியோடு தொழிற்சாலையிலிருந்து கிளம்புவது. அது எல்லாம் தெரிந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஃபேஸ் போனால் நிறுத்துவது, தண்ணீர் இல்லாவிட்டால் நிறுத்துவது, தன்னைப் பாதுகாப்பாகப் புதுப்பித்துக்கொள்வது ஆகிய மூன்றும் அதில் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும். மோட்டாரைக் காக்கும் வேலையை அடுத்த அப்டேட்டுக்குத் தள்ளுவது விவசாயிக்குச் செய்யும் துரோகம். மற்றொன்று பலரும் மறந்துவிடுவது: உற்பத்தி வரிசையில் ஒவ்வொரு போர்டையும் ஒரு தாங்கியில் அழுத்தி ரிலே, சென்சார், சிம் எல்லாம் வேலை செய்கிறதா என்று சொல்லும் சோதனை மென்பொருள். இதை வாங்கப்போகும் விவசாயி கேட்க மாட்டார் என்பதால் எந்த ஸ்பிரிண்ட் பட்டியலிலும் தானாக ஏறாது. ஒத்திகை நாளன்று அது இல்லையென்றால் வரிசை நின்றுவிடும்.

தொழிற்சாலையைத் தாண்டிய பிறகும் மென்பொருள் எவ்வளவு மாற்ற முடியும் என்பதற்கு 2018-இல் டெஸ்லா மாடல் 3 காருக்கு நடந்தது ஓர் உதாரணம். மணிக்கு 60 மைல் வேகத்தில் பிரேக் போட்டால் நிற்க 152 அடி ஆகிறது என்று கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் குறை சொன்னது. சில நாட்களில் காற்றுவழியே வந்த மென்பொருளுக்குப் பிறகு அந்தத் தூரம் 133 அடியானது. பிரேக் பாகங்கள் அதற்கு இடம் கொடுத்தன. போதாத பாகத்தை எந்த அப்டேட்டும் சரிசெய்திருக்காது.

செப்டம்பர் 1 அன்று சான்று இல்லையென்றால் என்ன செய்வது? தேதியை ஒரு வாரம் தள்ளலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். மோல்டு விஷயத்தில் ஓரளவு வழியுண்டு. எஃகைச் செதுக்கி எடுப்பது எளிது, திரும்பச் சேர்ப்பது கடினம். அதனால் சந்தேகமான இடத்தில் எஃகைச் சற்று அதிகமாகவே விட்டுவைத்து, மாதிரி பார்த்தபின் செதுக்கிக்கொள்வார்கள். சிப்பில் சந்தேகம் இருந்தால் பெரியதை வாங்கிவிடுவது மலிவு. மின்சாரப் பகுதியில் சந்தேகம் இருந்தால் அப்படி விலை கொடுத்துத் தப்ப வழியில்லை. போர்டைத் திருத்த வேண்டும், மூன்று வாரம் போகும், அதை நவம்பர் களச்சோதனையிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். அந்தச் சோதனையைச் சுருக்குவதா, அல்லது இந்தக் கோடைக்குக் குறைந்த எண்ணிக்கையில் மட்டும் விற்பதா என்று அன்றே முடிவெடுக்க வேண்டும். நானாக இருந்தால் எண்ணிக்கையைத்தான் குறைப்பேன்.