2.65 கிராம் எடுத்தேன் என்று பதிவேட்டில் எழுதலாமா?

க.பொ.த. உயர்தர இரசாயனவியலில் நியமக் கரைசல் தயாரிப்பது ஆரம்பத்திலேயே வரும் செய்முறை. நீரற்ற சோடியம் காபனேற்றை நிறுத்து, 250 மி.லீ. கனமானக் குடுவையில் லீற்றருக்கு 0.10 மூல் செறிவுள்ள கரைசலாக்க வேண்டும். பதிவேட்டில் இந்தச் செறிவை 0.10 mol dm⁻³ என்று எழுதுவோம். கைவேலை விரைவில் முடிந்துவிடும். செய்முறைப் பதிவேட்டை எழுத உட்காரும்போதுதான் சந்தேகங்கள் கிளம்பும். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள நம் கரையோரப் பிள்ளைகளுக்கு வழக்கமாக வருபவை சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்வோம்.

சந்தேகம்: சேர், கணக்குப்படி 2.65 கிராம் வேண்டும். தராசில் வைத்தபோது 2.71 காட்டியது. 2.65 என்று எழுதினால்தான் விடை 0.10 வரும் என்கிறான் கூட்டாளி. எதை எழுதுவது?

2.71ஐத்தான் எழுத வேண்டும். 2.65 என்பது நிறுப்பதற்கு முன்னர் நீங்கள் போட்ட கணக்கு. 0.10 மூலை 0.250 லீற்றரால் பெருக்கினால் 0.025 மூல். சோடியம் காபனேற்றின் மூலர் திணிவு 106 என்பதால் 0.025ஐ 106ஆல் பெருக்க 2.65 கிராம் வருகிறது. அது இலக்கு. குடுவைக்குள் போனது 2.71 கிராம். ஆகவே கரைசலின் செறிவை அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்: 2.71 ÷ 106 = 0.02557 மூல், அதை 0.250ஆல் வகுத்தால் 0.1023. இரண்டு தசமதானம் காட்டும் தராசில் நிறுத்ததால் மூன்று பொருளுடை இலக்கங்களுடன் 0.102 mol dm⁻³ என்று பதிவேட்டில் எழுதுங்கள். அடுத்த கணக்குக்கு மட்டும் 0.1023ஐ அப்படியே கொண்டுபோங்கள்.

உங்கள் கரைசலின் செறிவு 0.10 ஆக இல்லாதது ஒரு குறையே அல்ல. நியமக் கரைசல் என்றால் செறிவு திட்டமாகத் தெரிந்த கரைசல். அது சரியாக 0.10 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

மாற்றி எழுதினால் வரும் கெடுதி அடுத்த செய்முறையில் தெரியும். இந்தக் கரைசலில் 25.00 மி.லீ.ஐக் குழாயியால் எடுத்து, மெதைல் செம்மஞ்சள் காட்டி சேர்த்து, செறிவு தெரியாத ஐதரோகுளோரிக் அமிலத்தால் நியமிக்கிறீர்கள். அளவியில் 24.60 மி.லீ. செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூல் காபனேற்றுக்கு இரண்டு மூல் அமிலம் தேவை. 0.1023ஐப் பயன்படுத்தினால் அமிலத்தின் செறிவு 0.208. அழகுக்காக 0.10 என்று எழுதியவருக்கு 0.203தான் வரும். அந்த அமிலத்தைக் கொண்டு பிறகு சோடியம் ஐதரொட்சைட்டை நியமித்தால் அதே இரண்டு சதவீதப் பிழை அங்கும் போய் உட்காரும்.

சந்தேகம்: அப்படியென்றால் 2.65 வரும்வரை கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தும் போட்டும் சரிசெய்யலாமே?

செய்யலாம், ஆனால் இலாபத்தை விட நட்டம்தான் அதிகம். வெளியே எடுத்த தூளைத் திரும்பப் போத்தலில் போட்டால் போத்தலில் உள்ளதும் மாசுபடும். நீங்கள் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் தூள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் இருக்கும். கடற்கரையிலிருந்து சில நூறு மீற்றர் தூரத்தில், யன்னல் திறந்திருக்கும் ஆய்வுகூடத்தில் இதைச் சின்ன விடயமாக எடுக்க முடியாது. 2.6க்கும் 2.8க்கும் இடையில் ஏதாவது ஒரு அளவை ஒரே தடவையில் எடுத்து, உள்ளதை உள்ளபடி குறித்துக்கொள்வதுதான் நல்ல பழக்கம்.

நிறுவையை இரண்டு வாசிப்புகளாக எழுதுங்கள். தூளோடு நிறுவைப் போத்தலின் திணிவு முதலாவது. தூளை முகவையில் கொட்டிய பின் வெறும் போத்தலின் திணிவு இரண்டாவது. போத்தலின் சுவரில் ஒட்டிக்கொண்ட தூள் இரண்டாவது வாசிப்பிலும் இருப்பதால், இரண்டின் வித்தியாசம் முகவைக்குள் உண்மையாகவே விழுந்த அளவைத் தரும். வெறும் போத்தலை முதலில் நிறுத்துவிட்டுத் தூளைப் போட்டு மறுபடி நிறுப்பவர்களுக்குச் சுவரில் ஒட்டியதும் கணக்கில் சேர்ந்துவிடும், கரைசலில் சேராது.

சந்தேகம்: 250 மி.லீ. தண்ணீரை அளந்து ஊற்றினாலும் 250 மி.லீ. கரைசலாக்கினாலும் ஒன்றுதானே?

இல்லை. செறிவுக் கணக்கில் வரும் கனவளவு கரைசலின் கனவளவு. வெறும் 2.71 கிராம் காபனேற்றில் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் படாது, அதனால்தான் பலர் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். சீனியை எடுத்துப் பாருங்கள். 250 மி.லீ.இல் லீற்றருக்கு 1.0 மூல் செறிவுள்ள சீனிக் கரைசல் செய்ய 85.5 கிராம் வேண்டும். அதை 250 மி.லீ. தண்ணீரில் கரைத்தால் மொத்தக் கரைசல் ஏறத்தாழ 303 மி.லீ. ஆகிவிடும். செறிவு 1.0 அல்ல, 0.83 அளவில்தான் நிற்கும்.

ஆகவே தூளை முதலில் முகவையில் 100 மி.லீ. அளவு காய்ச்சி வடித்த நீரில் முழுவதும் கரைக்க வேண்டும். பின் புனல் வழியாகக் குடுவைக்குள் ஊற்றி, முகவையையும் கண்ணாடிக் கோலையும் புனலையும் கழுவு போத்தலால் இரண்டு மூன்று தடவை கழுவி, கழுவிய நீரையும் குடுவைக்குள்ளேயே விட வேண்டும். கழுவாமல் விட்ட முகவையில் தங்கும் சில துளிகளில் கரையம் அடர்த்தியாக இருக்கும்; நிறுத்த திணிவு எழுத்தில் மட்டும் இருக்கும். கடைசியில் கண்ணை அடையாளக் கோட்டின் மட்டத்தில் வைத்துக்கொண்டு, பிறையுருவின் அடிப்பகுதி கோட்டைத் தொடும்வரை துளித்துளியாக நீர் விடுங்கள். மூடியை இறுக்கிப் பிடித்துத் தலைகீழாகப் பல தடவை கவிழ்த்துக் கலக்குங்கள். கலக்கிய பின் மட்டம் கோட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கினால் மறுபடி நீர் விடாதீர்கள். கரைசலில் கொஞ்சம் மூடியிலும் கழுத்திலும் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கோட்டைத் தாண்டி ஊற்றிவிட்டால்? உறிஞ்சி எடுத்துக் கோட்டுக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடாது. எடுத்த நீரோடு கரையமும் போய்விடும். கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிறுக்க வேண்டியதுதான்.

சந்தேகம்: எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் நியமிப்பில் வாசிப்பு ஒத்துவரவில்லை. எங்கே தேடுவது?

முதலில் இரசாயனப் போத்தலின் சுட்டியைப் பாருங்கள். அதில் Na2CO3 என்று இருக்கிறதா, Na2CO3·10H2O என்று இருக்கிறதா? பின்னது சலவைச் சோடா, மூலர் திணிவு 286. அதை 2.71 கிராம் எடுத்துவிட்டு 106ஆல் வகுத்தால் பதிவேட்டில் 0.102 வரும், குடுவையில் இருப்பதோ 0.0379தான். மேலே சொன்ன அதே அமிலம் 24.60க்குப் பதிலாக 9 மி.லீ. அளவிலேயே முடிவுப்புள்ளிக்கு வந்துவிடும். இவ்வளவு பெரிய வித்தியாசம் வந்தால் கைப்பிழையைத் தேடி நேரத்தை வீணாக்காமல் சுட்டியைத் தேடுங்கள். சுட்டி அழிந்துபோயிருந்தால் ஒரு வழி இருக்கிறது: சின்ன அளவை உலர்ந்த சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்குங்கள். பத்து நீர் மூலக்கூறு கொண்ட பளிங்கு முதலில் தன் நீரிலேயே உருகி, குழாயின் மேற்பகுதியில் நீர்த்துளிகள் தாராளமாகப் படியும்.

வித்தியாசம் சில சதவீதம் மட்டும் என்றால் ஈரத்தைச் சந்தேகியுங்கள். நீரற்ற காபனேற்றும் மூடி சரியாக இறுகாத போத்தலில் கிடந்தால் நீரை உறிஞ்சும். உங்கள் 2.71 கிராமில் ஐந்து சதவீதம் ஈரமாக இருந்தால் உண்மையான காபனேற்று 2.57 கிராம்தான், செறிவு 0.097. தராசு பொய் சொல்லவில்லை, அது ஈரத்தையும் சேர்த்து நிறுத்திருக்கிறது. இதற்காகத்தான் நிறுப்பதற்கு முன்னர் தூளை 270 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கி, ஈரமுறிஞ்சிக் கலத்தில் ஆறவிட்டு நிறுக்கச் சொல்கிறோம். சூடாக்கி, ஆற்றி, நிறுத்து, மறுபடியும் அதையே செய்யும்போது இரண்டு வாசிப்பும் ஒன்றாக வந்தால் ஈரம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். வெறுமனே மேசையில் ஆறவிட்டால் நம் ஊர்க் காற்றில் அது மறுபடியும் ஈரத்தை வாங்கிக்கொள்ளும்.

சந்தேகம்: காய்ச்சி வடித்த நீர் முடிந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீரை வடிகட்டிப் பாவித்தால் என்ன?

இந்தச் செய்முறைக்கு ஆகாது. மணற்பாங்கான கரையோரக் கிணற்று நீரில் கல்சியம், மகனீசியம், ஐதரசன் காபனேற்று எல்லாம் கரைந்திருக்கும். வடிகட்டியில் அவை நிற்காது. காபனேற்றைக் கரைத்ததும் நீர் பால்போல மங்கினால் அது கல்சியம் காபனேற்று வீழ்படிவு. அது மெல்ல அடியில் தங்கும்போது மேலே எடுக்கும் 25 மி.லீ.இல் காபனேற்று குறையும். நீர் மங்காவிட்டாலும் அதிலுள்ள ஐதரசன் காபனேற்றும் அமிலத்தைத் தின்னும். ஒரு லீற்றர் கிணற்று நீர் 4 மில்லிமூல் அமிலத்தை எடுத்துக்கொள்கிறது என்று வைத்தால், உங்கள் கரைசல் எடுக்க வேண்டிய 204 மில்லிமூலுக்கு மேல் அது ஏறத்தாழ இரண்டு சதவீதக் கூடுதல். அறிய விரும்பினால் 25 மி.லீ. கிணற்று நீரை மட்டும் எடுத்து, காட்டி சேர்த்து, அமிலத்தைத் துளித்துளியாக விடுங்கள். முதல் துளியிலேயே நிறம் மாறாவிட்டால் விடை கிடைத்துவிட்டது.

சந்தேகம்: சேரிடம் கையொப்பத்துக்குக் கொடுக்கும் முன் பதிவேட்டை நானே சரிபார்ப்பது எப்படி?

பின்னாலிருந்து முன்னால் போங்கள். நீங்கள் எழுதிய செறிவை லீற்றரில் கனவளவால் பெருக்கி, வரும் மூலை 106ஆல் பெருக்குங்கள். 0.1023 × 0.250 × 106 = 2.71. நிறுவைப் பத்தியில் எழுதிய வித்தியாசமும் இதுவாக இருந்தால் எழுத்து ஒன்றோடொன்று பொருந்துகிறது. 2710 போன்ற எண் வந்தால் 250ஐ லீற்றராக்க மறந்திருக்கிறீர்கள். 2.65 வந்து நிறுவைப் பத்தியில் 2.71 இருந்தால் செறிவை இலக்கிலிருந்து எழுதியிருக்கிறீர்கள், நிறுவையிலிருந்து அல்ல.

இந்தச் சரிபார்ப்புக்கு ஒரு எல்லை உண்டு. ஈரத் தூளும் தவறான சுட்டியும் இதில் அகப்படாது, ஏனென்றால் அங்கே கணக்கு சரி, பொருள்தான் வேறு. அவற்றைப் பிடிக்க நியமிப்பு வேண்டும், அதுவும் செறிவு ஏற்கெனவே உறுதியான ஒரு அமிலத்தோடு. இந்தக் கரைசலைக் கொண்டே நியமித்த அமிலத்தால் இதைச் சோதித்தால் எப்போதும் ஒத்துத்தான் வரும்.

குழாயியால் எடுத்த 25 மி.லீ.இன் செறிவும் பத்தில் ஒன்றாகிவிடுமா என்றும் சிலர் குழம்புவார்கள். செறிவு அதே 0.102. அதிலுள்ள கரையம் மட்டும் பத்தில் ஒன்று, அதாவது 0.271 கிராம். அந்த இரண்டையும் பதிவேட்டில் தனித்தனி வரியில் எழுதுங்கள்.