டேன் வளைவுக்குள் மடக்கை எப்படி வந்தது?

பிளஸ் ஒன் தொகை நுண்கணிதப் பாடத்தில் ஒரு சூத்திரம் வரும். tan x-ஐத் தொகையிட்டால் log |sec x| + c. பெரும்பாலோர் இதை மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். கோணத்தைப் பற்றிய பேச்சில் மடக்கை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டிய கேள்விதான் அது.

ஒரு சார்பு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைச் சொல்வது வகைக்கெழு. அதை அந்தச் சார்பாலேயே வகுத்தால் கிடைப்பது வேறு ஒரு தகவல்: தன் அளவுக்கு அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது. நூறு ரூபாய் வட்டி ஆயிரம் ரூபாய் முதலுக்குப் பெரிது, லட்சத்துக்கு ஒன்றுமில்லை. இந்த ஒப்பு வேகத்தைத்தான் f′(x)/f(x) என்று எழுதுகிறோம். log f(x)-ஐ வகையிட்டால் இதே பின்னம் வரும். ஆகவே தொகுதியில் பகுதியின் வகைக்கெழு அப்படியே உட்கார்ந்திருந்தால், தொகையிட்ட விடை log |f(x)| + c. இங்கே log என்பது e-ஐ அடிமானமாகக் கொண்ட இயல் மடக்கை.

டேனை இந்தக் கண்ணோடு பாருங்கள். tan x = sin x / cos x. பகுதியில் இருக்கும் cos x-இன் வகைக்கெழு −sin x. தொகுதியில் குறி மட்டும் மாறியிருக்கிறது. ஒரு கழித்தல் குறியை வெளியே எடுத்துவிட்டால் விடை −log |cos x|. cos-இன் தலைகீழி sec என்பதால் புத்தகம் அதை log |sec x| என்று எழுதுகிறது. காட்டில் இந்தச் சிக்கல்கூட இல்லை. cot x = cos x / sin x. sin x-இன் வகைக்கெழு cos x. விடை நேராக log |sin x|.

இனி 0 முதல் 60 பாகை வரை, அதாவது π/3 ரேடியன் வரை, டேன் வளைவின் அடியில் உள்ள பரப்பைக் கணக்கிடுவோம். cos 0 = 1, cos 60° = 1/2. பரப்பு −log (1/2), அதாவது log 2, ஏறத்தாழ 0.693. இந்த 2 எங்கிருந்து வந்தது? கோணம் 60 பாகைக்குப் போவதற்குள் காஸ் பாதியாகிவிட்டது, அதிலிருந்துதான். காஸ் எத்தனை மடங்கு சுருங்கியது என்பது மட்டுமே இந்தப் பரப்புக்கு முக்கியம். 60 பாகையிலிருந்து ஏறத்தாழ 75.5 பாகைக்குப் போனால் காஸ் மறுபடி பாதியாகி 1/4 ஆகிறது. அந்தத் துண்டின் பரப்பும் அதே 0.693. 82.8 பாகைக்கு அருகில் 1/8. அதற்கும் அதே பரப்பு. துண்டுகள் ஒடுங்கிக்கொண்டே போகின்றன, வளைவு உயர்ந்துகொண்டே போகிறது, பரப்பு மட்டும் மாறுவதில்லை. 90 பாகையைத் தொடுவதற்குள் காஸ் முடிவில்லாமல் பாதியாகிக்கொண்டே இருக்கும் என்பதால், அதுவரையிலான மொத்தப் பரப்பும் முடிவிலி.

சரி, தொகுதி அச்சாகப் பொருந்தாவிட்டால்? x/(x² + 1) என்பதில் பகுதியின் வகைக்கெழு 2x. தொகுதியில் x மட்டும் இருக்கிறது. குறைவது 2 என்ற மாறிலிதான். உள்ளே 2-ஆல் பெருக்கி வெளியே 1/2 போட்டால் விடை ½ log (x² + 1). இந்தச் சலுகை மாறிலிக்கு மட்டும்தான். 1/(x² + 1)-க்கும் அதே வழியில் போய், 2x-ஐ வெளியே தள்ளி log (x² + 1)/2x என்று எழுதுகிறவர்கள் உண்டு. தப்பு என்று கண்டுபிடிப்பது சுலபம். விடையைத் திரும்ப வகையிட்டால் 1/(x² + 1)-உடன் வேண்டாத ஓர் உறுப்பும் ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் கணக்கின் உண்மையான விடை tan⁻¹ x. மடக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதைவிட நயமான பொறி ஒன்று மட்டுக்குறிக்குள், |cos x| என்று எழுதும் அந்த இரண்டு கோடுகளுக்குள், இருக்கிறது. 0 முதல் 120 பாகை வரை tan x-ஐத் தொகையிடச் சொல்லி, ஒருவர் சூத்திரத்தில் எண்களைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். cos 120° = −1/2. மட்டுக்குறி அதை 1/2 ஆக்கிவிடும். விடை மறுபடி log 2. பார்க்க ஒழுங்காக இருக்கிறது, ஆனால் அர்த்தமில்லாத விடை. நடுவில் 90 பாகையில் காஸ் பூச்சியமாகி, டேன் வளைவு அறுந்துபோகிறது. ஒரு பக்கம் முடிவிலி, மறுபக்கம் எதிர் முடிவிலி. சூத்திரம் அறுபடாத ஒரே துண்டுக்குள்தான் செல்லும். மட்டுக்குறி இல்லாமல் எழுதியிருந்தால் எதிர் எண்ணுக்கு மடக்கை கேட்டு நின்றிருப்போம். அதைப் போட்டதால் எச்சரிக்கையும் போய்விட்டது. எண்களைப் போடுவதற்கு முன், கொடுத்த எல்லைகளுக்கு நடுவில் பகுதி எங்கேனும் பூச்சியமாகிறதா என்று பாருங்கள். 0 முதல் 120 பாகை வரையிலான இந்தத் தொகைக்கு மதிப்பே கிடையாது.