தெரிந்த சொல்தான் கவிழ்க்கும்

பிரான்சிலுள்ள இயந்திர வியாபாரி ஒருவருக்கு இங்கிருந்து விலை விசாரித்து எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றே வரியில் பிரெஞ்சில் பதில் வருகிறது. உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆனால் ஆங்கிலம் நன்றாகத் தெரியும். கடிதத்தில் பாதிச் சொற்கள் ஆங்கிலம் போலவே இருக்கின்றன. நீங்களே படித்துவிடுகிறீர்கள்: "உங்கள் வற்புறுத்தலை நாங்கள் உண்மையிலேயே பரிசீலிக்கிறோம். கடைசியில் தள்ளுபடி தந்துவிடுவோம். சரக்கு வர முப்பது நாள் தாமதமாகும்."

வற்புறுத்தியதாக ஏன் எழுதுகிறார் என்று சற்று உறுத்தும். மற்றபடி குறையில்லாத கடிதம். தள்ளுபடியைக் கணக்கில் சேர்த்து நீங்கள் ஆர்டரும் கொடுத்துவிடுவீர்கள்.

அவர் எழுதியது வேறு: "உங்கள் வேண்டுகோள் தற்போது பரிசீலனையில் இருக்கிறது. தேவைப்பட்டால் தள்ளுபடி தர வாய்ப்புண்டு. முப்பது நாளில் சரக்கு வந்து சேரும்."

நான்கு சொற்கள் காலை வாரிவிட்டன. பிரெஞ்சில் 'தெமாந்து' என்றால் கேட்பது, அவ்வளவுதான். ஆங்கில 'டிமாண்ட்' போல அதில் அதட்டல் கிடையாது. 'ஆக்துயெல்மான்' என்றால் இப்போது, தற்சமயம். எழுத்தில் அதன் இரட்டைப்பிறவி போலத் தெரியும் ஆங்கில 'ஆக்சுவலி'க்கோ 'உண்மையில்' என்று பொருள். 'தெலே' என்பது ஒரு வேலைக்குத் தரப்படும் கால அளவு, தாமதம் அல்ல. நான்கிலும் அதிகச் செலவு வைப்பது 'எவான்துயெல்மான்'. ஆங்கிலத்தில் 'ஈவென்ச்சுவலி' என்றால் எப்படியும் கடைசியில் நடந்தே தீரும். பிரெஞ்சில் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். ஒரு 'பார்க்கலாம்' இங்கே வாக்குறுதியாக மாறிவிட்டது.

இத்தகைய சொற்களுக்குப் பிரெஞ்சில் 'ஃபோஸமி', அதாவது போலி நண்பர்கள், என்று பெயர். மாக்சிம் கெஸ்லர், ஜூல் தெரொக்கினி என்ற இருவர் 1928இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலிருந்து பரவிய பெயர் இது. நமக்கு இந்த அனுபவம் புதிதல்ல. தமிழில் 'அவகாசம்' கேட்டால் கொஞ்சம் நேரம் கேட்கிறோம். மலையாளி 'அவகாசம்' கேட்டால் உரிமை கேட்கிறார்.

இவை காதைவிடக் கண்ணையே அதிகம் ஏமாற்றுகின்றன. ஆங்கில 'சென்சிபிள்', பிரெஞ்சு 'சான்சிபிள்' இரண்டும் ஓரெழுத்துகூட மாறாமல் எழுதப்படுபவை. உச்சரிப்பு வேறாக இருப்பதால் பேச்சில் எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது. தாளில் அது கிடைப்பதில்லை. அதனால்தான் ஒப்பந்தம், மருந்துக் குறிப்பு, செய்தி மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் இந்தத் தவறுகள் சத்தமில்லாமல் நுழைகின்றன.

ஒரே உருவத்தில் இரண்டு பொருள் எப்படி வந்தது? 1066இல் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பல தலைமுறைகளுக்கு அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சில் நடந்தன. ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் குடியேறின. பிறகு இரு மொழிகளும் அவரவர் வழியில் போயின. பிரெஞ்சுதான் அசல், ஆங்கிலம் கெடுத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பல இடங்களில் கதை நேர்மாறானது.

'லிப்ரேரி'யைப் பாருங்கள். இன்றைய பிரெஞ்சில் அது புத்தகக் கடை. நூலகத்துக்குப் 'பிப்லியோதெக்' என்று கிரேக்க வழியில் வந்த வேறு சொல் இருக்கிறது. பாரிஸில் 'லிப்ரேரி' என்ற பலகையைப் பார்த்து உள்ளே போய், ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உறுப்பினர் அட்டை கேட்டால் கடைக்காரர் விழிப்பார். ஆனால் 14ஆம் நூற்றாண்டில் அரசர் ஐந்தாம் சார்லஸ் லூவர் கோட்டையின் கோபுரம் ஒன்றில் சேர்த்துவைத்த நூல்தொகுதிக்கு 'லிப்ரேரி' என்றே பெயர். 16ஆம் நூற்றாண்டில் கட்டுரையாளர் மொந்தேன் தம் கோபுரத்திலிருந்த நூலக அறையையும் அப்படித்தான் அழைத்தார். அந்தப் பழைய பொருளை இன்றுவரை காப்பாற்றி வைத்திருப்பது ஆங்கில 'லைப்ரரி'. வீட்டை மாற்றிக்கொண்டது பிரெஞ்சுச் சொல்தான்.

'சென்சிபிள்' விஷயத்தில் நகர்ந்தது ஆங்கிலம். லத்தீன் மூலத்தில் உணர்வதுதான் கரு. பிரெஞ்சு அதை விடவில்லை: 'சான்சிபிள்' ஆன மனிதர் சட்டென்று மனம் இளகுபவர், எளிதில் புண்படுபவர். ஆங்கிலத்தில் 'சென்சிபிள்' என்றால் நிதானமான, விவரம் தெரிந்த ஆள். கிட்டத்தட்ட எதிர்த்துருவம். பிரெஞ்சுக்காரர் ஒருவர் தம் மகளை மென்மையானவள் என்று சொல்ல நினைத்து ஆங்கிலத்தில் 'சென்சிபிள்' என்பார். கேட்பவர் பொறுப்பான பெண் என்று மகிழ்வார். இருவருக்கும் எங்கேயும் இடிக்காது. ஆங்கிலத்திலும் பழைய பொருள் ஒரு காலத்தில் இருந்தது, அந்தச் சொல் குடும்பத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டும் இருக்கிறது. ஜேன் ஆஸ்டின் 1811இல் வெளியிட்ட 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவல் விவேகத்தையும் உணர்ச்சிப்பெருக்கையும் எதிரெதிரே நிறுத்துகிறது. நான்கு ஆண்டுகளில் வந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் தலைப்பில் 'சென்சிபிலிட்டி' அப்படியே 'சான்சிபிலித்தே' ஆகப் போய் உட்கார்ந்தது. மாற்ற வேண்டியிருந்தது 'சென்ஸ்' ஒன்றைத்தான்.

முழுப் போலியைவிட அரைப் போலி ஆபத்தானது. இதே 'சான்சிபிள்' தோலோடு வந்தால் எளிதில் ஒவ்வாமை வரும் தோல். விலை இறக்கத்தோடு வந்தால் 'கண்கூடான' இறக்கம். பொருளாதாரச் செய்தியில் இதை 'விவேகமான விலைக்குறைப்பு' என்று மொழிபெயர்த்தாலும் வாக்கியம் நிற்கும். அபத்தமாக இருந்தால் யாராவது பிடித்துவிடுவார்கள். அர்த்தம் இருப்பதுபோல் தோன்றுவதால்தான் தப்பிவிடுகிறது.

எண்களும் விதிவிலக்கல்ல. ஆங்கிலத்தில் ஒரு பில்லியன் என்றால் இன்று 100 கோடி. பிரெஞ்சில் அதற்கு 'மிலியார்' என்று பெயர். அங்கே 'பில்லியன்' என்பது ஒரு லட்சம் கோடி. ஆயிரம் மடங்கு வித்தியாசம். பிரிட்டன் அரசே 1974இல்தான் சிறிய பில்லியனை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. ஆகவே பழைய பிரிட்டிஷ் ஆவணத்தில் பில்லியனைக் கண்டாலும் ஆண்டைப் பார்த்துவிடுவது நல்லது.

தெரியாத சொல்லுக்குத்தான் நாம் அகராதியைத் திறக்கிறோம். தெரிந்ததாகத் தோன்றும் சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறோம். அங்கேதான் சிக்கல். மொழிபெயர்ப்பில் ஊறியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: ஆங்கிலத்தை அப்படியே உரித்துவைத்த பிரெஞ்சுச் சொல் என்றால் முதலில் அதன்மேல்தான் சந்தேகம். சில நேரம் வாக்கியமே காட்டிக்கொடுக்கும். மேலே சொன்ன கடிதத்தில் 'வற்புறுத்தல்' உறுத்தியதல்லவா? அங்கேயே நின்றிருந்தால் தள்ளுபடியும் பிடிபட்டிருக்கும். தேதி, தொகை, நிபந்தனை வரும் இடத்தில் சந்தேகம் தீராவிட்டால், எழுதியவரையே வேறு சொற்களில் சொல்லக் கேட்பது மலிவான வழி.

பட்டியலை மனப்பாடம் செய்தால் போதாதா? பட்டியலே பழையதாகிவிடுகிறது. 'ரெயலிசே' என்ற பிரெஞ்சு வினைக்கு 'நிறைவேற்று' என்பதே பொருளாக இருந்தது. ஆங்கிலத்தின் சகவாசத்தால் இன்று 'உணர்ந்துகொள்' என்றும் தாராளமாகப் புழங்குகிறது. மொழித் தூய்மை பேசுபவர்கள் முகம் சுளிக்கிறார்கள். 'சுப்போர்த்தே' இன்னும் வேடிக்கை. அதன் வழக்கமான பொருள் சகித்துக்கொள்வது. விளையாட்டுப் பக்கங்களில் மட்டும் அது ஆங்கிலத்தைப் பின்பற்றி 'ஆதரி' ஆகிவிட்டது. மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்ற அணியை ஒருவர் 'சுப்போர்த்தே' செய்கிறேன் என்றால், இரண்டில் எதைச் சொல்கிறார் என்று அவரிடமே கேட்டால்தான் தெரியும்.