முதல் மூன்று வரிகள்

2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் வேலையைவிட்டு அனுப்புவதாக அறிவித்தன. எச்-1பி விசாவில் அமெரிக்காவில் இருப்பவர் இப்படி வேலை இழந்தால், அவருக்குக் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் வேறொரு நிறுவனம் அவருக்காக மனு செய்ய வேண்டும். இல்லையென்றால் விசா வகையை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், அல்லது ஊர் திரும்ப வேண்டும்.

அந்த மாதங்களில் லிங்க்ட்இன் முழுக்க விடைபெறும் பதிவுகள். பழைய மேலாளருக்கும் குழுவுக்கும் நன்றி சொல்லிச் சொல்லி, என்ன வேலை வேண்டும் என்பதைக் கடைசி வரிக்குத் தள்ளியவை பல. பிழை அங்கேதான். திரையில் முதலில் தெரிவது சில வரிகள் மட்டுமே. மீதியை ஒரு சொடுக்குக்குப் பின்னால்தான் படிக்க முடியும்.

ஜனவரி 20 அன்று வேலை முடிந்த ஒரு டேட்டா இன்ஜினியர் இப்படித் தொடங்கலாம்: “எங்கள் குழு கலைக்கப்பட்டது. ஆறு ஆண்டு அனுபவமுள்ள டேட்டா இன்ஜினியர் நான். சியாட்டிலில் வேலை தேடுகிறேன். மார்ச் 21க்குள் எச்-1பி மனு தாக்கலாக வேண்டும்.”

இதில் புலம்பல் இல்லை, பழைய நிறுவனத்தின் மீது வசையும் இல்லை. தேதி இருப்பதால் அவசரம் தானே புரிந்துவிடுகிறது.

அடுத்தது கோரிக்கை. “ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்” என்றால் படிப்பவர் ஒரு லைக்கோடு நகர்ந்துவிடுவார். “பணப் பரிவர்த்தனை நிறுவனங்களில் டேட்டா குழுவை நடத்துபவர் யாரையாவது தெரிந்தால் அறிமுகப்படுத்துங்கள்” என்றால் ஒரு முகமாவது நினைவுக்கு வரும். அவர் அப்படியே அனுப்புவதற்குத் தோதாக, தன்னைப் பற்றிய இரண்டு வரியையும் எழுதி வைத்துவிடுவது நல்லது.