சரியும் கதவும் சிக்கும் லாச்சியும்

லாச்சி எப்போது இறுகுகிறது என்று குண்டசாலைப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் மாதத்தைச் சொல்லிவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இறுகும். மாசி, பங்குனி வெயிலில் தானாகவே இளகும். கதவு சரிவதற்கு அப்படி மாதம் எதுவும் கிடையாது. ஒரு நாள் பார்க்கும்போது இரண்டு கதவுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலே ஒட்டியும் கீழே அகலமாகவும் நிற்கும். இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகள்போலத் தோன்றினாலும் அவற்றுக்கு அடியில் இருப்பது ஒரே கணக்குத்தான்: விசை விழும் இடம் எவ்வளவு தள்ளி இருக்கிறது, அதைத் தாங்கிப் பிடித்திருக்கும் நீளம் எவ்வளவு. இதைப் புரிந்துகொண்டால் ஹார்ட்வெயார் கடையில் எதை வாங்குவது, எதை வாங்காமல் திரும்புவது என்று தெரிந்துவிடும்.

கணக்குப் போட ஓர் அலுமாரி வேண்டும். குண்டசாலையில் என் பெரியம்மா வீட்டில் இருப்பதையே எடுத்துக்கொள்கிறேன். பக்கப் பலகைகள் சிப்போர்ட், கதவுகள் எம்.டி.எப், அடியில் முழு அகலத்துக்கும் ஒரே மஹோகனி லாச்சி. ஒவ்வொரு கதவும் 50 சென்டிமீற்றர் அகலம், 150 சென்டிமீற்றர் உயரம், 18 மில்லிமீற்றர் தடிப்பு. இந்த அளவு எம்.டி.எப் கிட்டத்தட்ட 10 கிலோ வரும். ஒரு கதவில் 4 மில்லிமீற்றர் கண்ணாடி ஒட்டியிருப்பதால் இன்னும் 4 கிலோ கூடும். ஆக மொத்தம் 14 கிலோ. அதைத் தாங்குபவை மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டே கீல்கள், அவற்றுக்கிடையே 130 சென்டிமீற்றர்.

கதவின் எடை அதன் நடுவில், அதாவது கீலிலிருந்து 25 சென்டிமீற்றர் தள்ளி விழுகிறது. ஆகவே கதவு மேல் கீலை வெளியே இழுக்கும், கீழ்க் கீலை உள்ளே அழுத்தும். எவ்வளவு? 14 கிலோவை 25ஆல் பெருக்கி 130ஆல் வகுத்தால் 2.7 கிலோ. சீனிப் பை ஒன்றைத் தூக்கும் விசை அது. நல்ல நிலையில் உள்ள சிப்போர்டில் இறங்கிய இரண்டு திருகாணிகள் இதை ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும். அப்படியானால் கதவு ஏன் சரிகிறது?

பதில் கதவு தொங்கும் விதத்தில் இல்லை, நாம் அதைத் திறக்கும் விதத்தில் இருக்கிறது. உள்ளே மறைந்திருக்கும் சாதாரண கப் கீல் 110 பாகை அளவுக்குத் திறந்ததும் நின்றுவிடும். கண்ணாடியில் முழு உருவம் பார்க்கவோ, கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவே நுழையவோ கதவை இன்னும் கொஞ்சம் தள்ளுகிறோம். அந்த நொடியில் கதவு ஒரு கடப்பாரை ஆகிவிடுகிறது. கை தள்ளும் இடம் கீலிலிருந்து 45 சென்டிமீற்றர். திருகாணிகள் எதிர்த்து நிற்கும் தூரமோ இரண்டரை சென்டிமீற்றர்தான். 5 கிலோ விசையில் தள்ளினால் திருகாணிகளை 90 கிலோ விசை பிடுங்கும். இரண்டு கீல்கள் பகிர்ந்தால் தலைக்கு 45 கிலோ. எடையால் வந்த 2.7 எங்கே, இந்த 45 எங்கே! கதவுகளைச் சரிய வைப்பது பெரும்பாலும் இந்தத் தள்ளல்தான். மழைக்காலத்து ஈரத்தில் சிப்போர்டின் துகள்கள் உப்பி, வெயிலில் சுருங்கி, திருகாணியின் மரையைச் சுற்றி ஏற்கெனவே பிடியை விட்டிருந்தால் வேலை இன்னும் சுலபமாகிவிடும்.

கோயில் வாசல்களிலும் பழைய வீடுகளிலும் இருக்கும் குடுமிக் கதவுகளை இந்தக் கணக்கோடு பார்க்கும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை. கதவோடு சேர்ந்த மரக் குடுமி கீழே கல்லில் குடைந்த குழியில் உட்கார்ந்து சுழல்கிறது. முழு எடையும் நேரே நிலத்தில் இறங்குவதால் பிடுங்குவதற்கு அங்கே திருகாணியே இல்லை.

சரிந்த கதவுக்குப் புதுக் கீல் வாங்குமுன் ஒரு சோதனை செய்ய வேண்டும். கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கத்தின் அடியில் கை கொடுத்து மெல்ல உயர்த்துங்கள். கண் மேல் கீலில் இருக்கட்டும். பக்கப் பலகையில் பதித்த தகடு அசைந்தால் அங்கே திருகாணித் துளை போய்விட்டது. கதவுக்குள் இறங்கிய வட்டக் கிண்ணம் அசைந்தால் கதவுத் துளை போயிருக்கிறது. இரண்டும் அசையாமல் நடுவில் உள்ள மூட்டு மட்டும் ஆடினால் கீலே தேய்ந்திருக்கிறது, அப்போதுதான் புதுக் கீல் வேண்டும். எதுவுமே ஆடாமல் கதவு மட்டும் கோணலாக நின்றால் கீல் குற்றமற்றது. அலுமாரியின் வாயை மூலைக்கு மூலை இரு பக்கமும் நாடாவால் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இல்லையென்றால் சட்டமே சாய்ந்திருக்கிறது. தளம் மட்டமில்லாமல் இருக்கலாம், ஈரச்சுவரோடு ஒட்டி நின்று பின்பலகை ஊறி ஆணிகளை விட்டிருக்கலாம். ஒரு காலின் அடியில் ஆப்பு வைத்து, பின்பலகையை இறுக்கினாலே போதும்.

பெரியம்மா வீட்டு அலுமாரியில் அசைந்தது மேல் தகடு. அங்கே அதே துளையில் தடித்த திருகாணி போடுவது சில மாதங்களுக்குத்தான் தாங்கும். துளையை 10 மில்லிமீற்றருக்குப் பெருப்பித்து, பசை தடவிய கடின மரக்கட்டை ஒன்றை அறைந்து, காய்ந்தபின் அதில் புதிதாகத் துளையிட்டுப் பூட்டினால் பிடி நிற்கும். பலகை ஊறிப் பொருமியிருந்தால் இதுவும் பயன்படாது. தகட்டை ஒரு சாண் கீழே நல்ல இடத்துக்கு மாற்றி, கதவிலும் அதற்கேற்பப் புதுக் கிண்ணத் துளை எடுக்க வேண்டும். அந்தத் துளை 35 மில்லிமீற்றர் விட்டம், சுமார் 12 மில்லிமீற்றர் ஆழம். 18 மில்லிமீற்றர் பலகைக்கு இது தாராளம். மெல்லிய பலகையானால் மறுபக்கம் உடையும்.

புதுக் கீல் வாங்குவதானால் கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது எண்ணிக்கை. இந்த உயரத்துக்கு மூன்று கீல் பொதுவாகப் போதும், கண்ணாடி ஒட்டிய கதவுக்கு நான்கு போடுங்கள். கூடுதலானதை நடுவில் வைப்பதைவிட மேல் கீலுக்கு அருகே வைப்பது நல்லது, ஏனெனில் வெளியே இழுக்கும் விசை அங்கேதான் விழுகிறது. இரண்டாவது வளைவு. கதவு பக்கப் பலகையின் விளிம்பை முழுதாக மூடுகிறதா, நடுப்பலகையின் பாதியை மட்டும் மூடுகிறதா, சட்டத்துக்குள்ளே அமர்கிறதா என்பதைப் பொறுத்துக் கீலின் கை நேராகவோ, சற்று வளைந்தோ, நன்றாக வளைந்தோ இருக்கும். பழைய கீல் ஒன்றைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனால் இந்தக் குழப்பமே வராது. மூன்றாவதைத்தான் பலரும் கேட்பதில்லை: எத்தனை பாகை? கதவு தள்ளப்படும் இடத்தில் அலுமாரி நிற்கிறது என்றால் 165 பாகை திறக்கும் கீலுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் தவறில்லை. கடப்பாரை உருவாகும் இடமே அப்போது இல்லாமல் போகிறது.

இனி லாச்சி. அது இறுகுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, ஒன்றை மற்றதாக எண்ணிச் சீவுளியை எடுத்துவிடக் கூடாது.

முதல் காரணம் மரம் உப்புவது. மரம் நார் ஓடும் திசையில் ஏறக்குறைய நீளுவதே இல்லை, நாருக்குக் குறுக்கேதான் விரியும். காற்றின் ஈரப்பதம் 65 வீதத்திலிருந்து 80 வீதத்துக்கு ஏறி அப்படியே சில வாரங்கள் நின்றால் மரத்துக்குள் இருக்கும் நீர் சுமார் 12 வீதத்திலிருந்து 16க்கு உயரும். 20 சென்டிமீற்றர் உயரமான மஹோகனி முகப்பு அந்த நான்கு வீதத்தில் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் உயர்ந்துவிடும். தேக்கானால் ஒன்றரை மில்லிமீற்றர். பங்குனியில் அலுமாரி செய்த தச்சர் மேலே ஒரு மில்லிமீற்றர் இடைவெளி விட்டிருந்தால் கார்த்திகையில் அது எங்கே இருக்கும்? இந்த இறுக்கத்துக்கு அடையாளம், லாச்சி தொடக்கத்திலிருந்தே கனமாக வருவதும் மேல் விளிம்பில் உராய்ந்த பளபளப்பும். பளபளக்கும் இடத்தை மட்டும் மெல்லச் சீவி, சீவிய இடத்தில் வார்னிஷ் பூசிவிடுங்கள். மழை நாளில் தாராளமாகச் சீவினால் மாசியில் லாச்சி ஆடும்.

இரண்டாவது காரணம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் குற்றவாளி கைப்பிடி. இந்த வகை இறுக்கத்தில் லாச்சி முதலில் சுலபமாக வரும், பாதி வழியில் திடீரென்று ஒரு பக்கம் மாட்டிக்கொள்ளும். எவ்வளவு பலமாக இழுத்தாலும் வராது. பலமாக இழுப்பதால் இன்னும் இறுகுகிறது என்றே தோன்றும். அந்தத் தோற்றம் சரியானது.

பெரியம்மாவின் லாச்சி 90 சென்டிமீற்றர் அகலம், 40 சென்டிமீற்றர் ஆழம். அழகுக்காக இரண்டு கைப்பிடிகள், நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 30 சென்டிமீற்றரில். ஒரு கையில் துணி இருந்தால் மறுகையால் ஒரு கைப்பிடியைத்தானே இழுப்போம்? உடனே லாச்சி சற்றுத் திரும்பி, ஒரு பக்கத்தின் முன்மூலையும் எதிர்ப்பக்கத்தின் பின்மூலையும் சுவர்களை அழுத்தும். அந்த அழுத்தம், இழுக்கும் விசையை 30ஆல் பெருக்கி, இன்னும் கூட்டுக்குள் இருக்கும் லாச்சியின் நீளத்தால் வகுத்த அளவு. இரண்டு மூலைகளிலும் அதற்கேற்ற உராய்வு பிறக்கும். உராய்வு இழுவிசைக்குச் சமமாகும் புள்ளியில் லாச்சி பூட்டிக்கொள்கிறது. விசை இரு பக்கமும் ஒரே அளவில் வருவதால் கணக்கில் அது அடிபட்டுப் போகிறது. குழந்தை இழுத்தாலும் பயில்வான் இழுத்தாலும் பூட்டும் இடம் ஒன்றுதான்.

அந்த இடத்தைச் சுலபமாகக் கணக்கிடலாம்: உராய்வுக் கெழுவை 30ஆலும் 2ஆலும் பெருக்க வேண்டும். ஈரமேறிய சொரசொரப்பான மரத்துக்குக் கெழு 0.5 எனக் கொண்டால் விடை 30 சென்டிமீற்றர். உள்ளே இருக்கும் நீளம் 30ஆகக் குறைந்ததும், அதாவது லாச்சி 10 சென்டிமீற்றர் வெளியே வந்ததும், பூட்டு. மெழுகுதிரியை ஓடுபாதையிலும் பக்கங்களிலும் அழுத்தித் தேய்த்துக் கெழுவை 0.2க்கு இறக்கினால் விடை 12. இப்போது 28 சென்டிமீற்றர் வரை தாராளமாக வரும். இரண்டு கைப்பிடிகளையும் கழற்றி நடுவில் ஒன்றே ஒன்று போட்டால் 30 என்ற எண்ணே கிட்டத்தட்டச் சுழியமாகிறது, பூட்டிக்கொள்ள வழியே இல்லை.

ஆகவே அகலமான லாச்சிக்குக் கைப்பிடி வாங்கும்போது நடுவில் ஒன்று என்பதே என் தீர்ப்பு. கைப்பிடியின் துளைகளுக்கிடையே 96, 128, 160 மில்லிமீற்றர் என்று அளவுகள் கிடைக்கும், எல்லாம் 32இன் மடங்குகள். கை முழுதாக நுழைய 128 அல்லது 160 எடுங்கள். 18 மில்லிமீற்றர் பலகைக்கு 25 மில்லிமீற்றர் திருகாணி சரியாக இருக்கும்.

இத்தனைக்கும் பதிலாகக் குண்டு வைத்த இரும்பு ஸ்லைடர் போட்டால் போகாதா என்பார்கள். அதில் உராய்வு மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் 45 மில்லிமீற்றர் உயரமான அந்த ஸ்லைடருக்குப் பக்கத்துக்கு 12.7 மில்லிமீற்றர் இடம் வேண்டும். 90 சென்டிமீற்றர் வாய்க்கு லாச்சி 87.4 சென்டிமீற்றர்தான் இருக்க முடியும். பழைய மர லாச்சி வாயை நிறைத்துச் செய்யப்பட்டது, அதைப் பிரித்துக் குறுக்காமல் ஸ்லைடர் ஏறாது. இரு பக்கப் பலகைகளும் முன்னும் பின்னும் ஒரே இடைவெளியில் இல்லாவிட்டால், ஒன்றிரண்டு மில்லிமீற்றர் பிசகினாலே, குண்டுகள் இறுகி மரத்தைவிட மோசமாக முரண்டுபிடிக்கும். ஆழத்தைவிட அகலம் இரு மடங்குக்கு மேலான லாச்சியில் ஓரத்தில் இழுத்தால் ஸ்லைடரும் ஆடத்தான் செய்யும். அதனால் பெரியம்மாவின் லாச்சிக்கு மெழுகும் ஒற்றைக் கைப்பிடியும் போதும் என்றேன். புதிதாகச் செய்பவர்கள் நடுவில் ஒரு பலகை நிறுத்தி, 40 ஆழத்துக்கு 41 அகலத்தில் இரண்டு லாச்சிகளாகப் பிரித்து, அவற்றுக்கு ஸ்லைடர் போடட்டும்.

கடையில் ஸ்லைடரைக் கையில் வாங்கியதும் முழுதாக நீட்டி, நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். தளர்ந்து தொங்கினால் வைத்துவிடுங்கள். பிறகு மெதுவாக உள்ளே தள்ளுங்கள், வழியில் எங்காவது நெருடினால் அதே நெருடல் துணிகள் நிறைந்த லாச்சியில் பல மடங்காகும். குளியலறைச் சுவரை ஒட்டி நிற்கும் அலுமாரிக்கு என்றால் துருப்பிடிக்காத எஃகில் இருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரண முலாம் பூசியது அந்த ஈரத்தில் நீண்ட நாள் தாங்காது.